பகுதி பகுதியாக விற்பது: முதல் இலக்கில் ஒளிந்திருக்கும் கணக்கு

(திரையில்: யாழ்ப்பாணத்து வீடொன்றின் மேசை. சுவர்க் கடிகாரத்தில் காலை 9.30. கொழும்புச் சந்தை திறக்கிறது.)

திருநெல்வேலியில் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, பத்தில் ஏழு தடவை இலாபத்தோடுதான் வெளியே வருகிறேன். பிறகு ஏன் முதல் குறைகிறது?" அவருடைய கொப்பியைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. அதைக் கற்பனைப் பங்கு ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

100 ரூபாய்க்கு 900 பங்குகள் வாங்குகிறோம். விலை விழுந்தால் விற்று வெளியேறும் ஸ்டாப் 92. இலக்குகள் 108, 116. ஒவ்வொன்றிலும் 300 பங்குகளை விற்கிறோம். கடைசி 300 ஓடட்டும். அவற்றுக்கான ஸ்டாப், அதுவரை வந்த உச்ச முடிவு விலைக்கு 10 ரூபாய் கீழே. இந்தப் பங்கு நாளொன்றுக்கு மூன்று, மூன்றரை ரூபாய் ஆடுவதால் 10 வைத்தேன். நெருக்கி வைத்தால் சாதாரண ஆட்டமே நம்மை வெளியே தள்ளிவிடும்.

(திரையில்: ஏறும் வரைபடம்.)

இரண்டு இலக்குகளும் தொட்டன. விலை 139இல் முடிந்தது, ஸ்டாப் 129. மறுநாள் காலை சந்தை 127இல் திறந்ததால், அந்த விலைக்குத்தான் விற்க முடிந்தது. தரகுக் கட்டணங்கள் வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது 1.12 சதவீதம். அவை போக ஏறக்குறைய 13,100 ரூபாய் மிச்சம். மொத்தத்தையும் 127 வரை வைத்திருந்தால் 22,000. அந்த வித்தியாசம் நிம்மதிக்குக் கொடுத்த விலை. எனக்கு அதில் வருத்தமில்லை.

மாஸ்டரின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பங்கு 108ஐத் தொட்டுவிட்டுத் திரும்பினால்? முதல் பகுதி விற்றதும் அவர் ஸ்டாப்பை 100க்கு உயர்த்துவார். கட்டணங்களைச் சேர்த்தால் உண்மையான சமநிலை விலை 102 ரூபாய் 27 சதம். அதனால் 100இல் விற்பது நட்டம்தான். சரி, 102.30இல் வைத்தார் என்றே கொள்வோம். கையில் நிற்பது 1,720 ரூபாய். ஆனால் நேராக 92க்கு விழும் நாளில் 900 பங்குகளும் விழுகின்றன: கட்டணங்களுடன் 9,135 ரூபாய் நட்டம். இலாபம் பகுதியாக வருகிறது, நட்டம் முழுதாக வருகிறது. ஒரு நட்டத்தை ஈடுகட்ட இப்படியான சின்ன வெற்றிகள் ஐந்துக்கும் மேல் வேண்டும்.

முதல் இலக்கை 112க்குத் தள்ளினால் அதே சின்ன வெற்றி 2,900 ஆகிறது. மூன்றுக்குச் சற்று மேல் போதும். ஆனால் 112ஐத் தொடும் தடவைகள் குறையும். எவ்வளவு குறையும் என்பது பங்குக்குப் பங்கு மாறும். ஆகவே மாஸ்டரிடம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, பழைய வியாபாரங்களில் எத்தனை 92க்கு முன் 108ஐத் தொட்டன, எத்தனை 112ஐத் தொட்டன என்று எண்ணச் சொன்னேன்.

108 முப்பத்தொரு தடவை, 112 இருபத்தொன்பது தடவை. இலக்கை அன்றே மாற்றிவிட்டார்.