அறுபது பேர் விருந்தில் தங்கைக்குத் தனித் தட்டு வேண்டாம்

வணக்கம், நண்பர்களே. தங்கையின் பேபி ஷவர் விருந்துக்குச் சமைக்க வருபவரோடு நேற்று மாலை பேசினேன். அந்தக் கோபம் இன்னும் தணியாததால்தான் இந்தக் காணொளி. "அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு தட்டு வச்சிடலாம், மத்தவங்களுக்கு வழக்கமான சாப்பாடு" என்றார் அவர். தனித் தட்டு என்ற ஏற்பாடு எனக்கு அறவே பிடிக்காது என்பது என் பழைய விருந்துக் காணொளிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யாருக்காக விருந்து நடக்கிறதோ அவரே பத்தியச் சாப்பாட்டோடு ஓரமாக உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்? அவள் சாப்பிடக்கூடியதையே அறுபது பேருக்கும் சமைப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய இப்போதைய ஆசை, குளிர்ந்த, கெட்டியான, புளிப்புத் தூக்கலான உருளைக்கிழங்கு சாலட். சமையல்காரர் அதைப் பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் சேர்த்துத்தான் செய்வாராம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிக்கு அது வேண்டாம். அதற்குப் பதிலாக, பாஸ்சுரைஸ் செய்த பாலில் உறையவைத்த தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து, முழுதாக வெந்த முட்டையின் மஞ்சள் கருவை அதில் மசித்து, கடுகு விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தேன். ருசி பார்த்த தங்கை கிண்ணத்தைத் திருப்பித் தரவே இல்லை. எனக்கும் மயோனைஸைவிட இதுவே பிடித்திருக்கிறது.

முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன்: அவளுக்குக் கர்ப்பகால நீரிழிவு இருக்கிறது. ஒரு மதிய உணவில் 45 கிராம் மாவுச்சத்து வரை சாப்பிடலாம் என்று அவளுடைய உணவியல் நிபுணர் வரையறுத்திருக்கிறார். வெந்த உருளைக்கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்தும், ஒரு சிறு கரண்டி சோற்றில், அதாவது 75 கிராமில், ஏறக்குறைய 21 கிராமும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தாலே 41 ஆகிவிடுவதால், தட்டில் மிச்ச இடம் முழுவதும் நன்றாக வெந்த கோழிக்கும் காய்கறிக்கும்தான். பழச்சாறு வேண்டவே வேண்டாம்.

இனி, என்னை மிகவும் அலைக்கழித்த விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு 100 கிராம் என்றால் 6 கிலோ. தோலும் கழிவும் சேர்த்து 7 கிலோ கிழங்கு வாங்க வேண்டும். இவ்வளவையும் வேகவைத்து ஒரே அண்டாவில் ஆறவிட்டால், மேற்பரப்பு தொட்டால் குளிர்ந்திருக்கும். நடுப்பகுதியோ மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட அந்தச் சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. அண்டாவோடு வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தாலும் பயனில்லை; பெட்டிக்குள் இருக்கும் மற்றப் பொருள்களும் சேர்ந்து சூடாகும்.

ஆகவே, முந்தைய நாள் மாலை வேகவைத்த கிழங்கைச் சூட்டோடு நறுக்கி, 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, தட்டுகளுக்கு அடியில் பனிக்கட்டி வைக்கப்போகிறோம். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்கிவிட வேண்டும். தயிர்க் கலவையை மறுநாள் காலையில், கிழங்கு நன்றாகக் குளிர்ந்த பிறகே சேர்க்க வேண்டும்.

இதற்காகவே கூர்முனை வெப்பமானி ஒன்று வாங்கினேன். பனிக்கட்டி நிறைந்த தண்ணீரில் முனையை வைத்தபோது சரியாக 0 காட்டியது! சமையல்காரரையே அழைத்து, அவர் கண்முன் இன்னொரு முறை வைத்துக் காட்டினேன். "தொட்டுப் பார்த்தே சொல்லிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது கோழித் துண்டின் நடுவில் 74 டிகிரி வந்ததா என்று தாமே பார்க்கிறார். இவ்வளவு மகிழ்ச்சி தந்த சமையலறைப் பொருள் எனக்கு வேறு இல்லை.

விருந்தன்று மொத்த சாலட்டையும் ஒரேயடியாக மேசையில் வைக்க மாட்டோம். சிறு பாத்திரங்களில் பனிக்கட்டியின் மேல் வைத்து, தீரத் தீர மாற்றுவோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் சூடேறிக் கிடந்ததை எடுத்து வைக்காமல் கொட்டிவிடுவோம். அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. தங்கைக்கு உரியதை, மற்றவர்களின் கரண்டி படுவதற்கு முன்பே அதே பாத்திரத்திலிருந்து எடுத்துவிடுவோம்.

வாசனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெங்காயம் வதங்கும் வாசனை வந்தாலே அவளுக்குக் குமட்டுகிறது. அதனால் வதக்கும் வேலை முழுவதும் விருந்தினர் வருவதற்கு முன்பே, கூடத்தை விட்டுத் தள்ளி முடிந்துவிடும்.

பரிசுகள், வாழ்த்துகள், புகைப்படங்கள் எல்லாம் முடிந்த பிறகே சாப்பாடு என்று வீட்டார் போட்டிருந்த நிரலையும் மாற்றச் சொல்லிவிட்டேன். நீரிழிவு உள்ள கர்ப்பிணி வேளை தவறிச் சாப்பிடக் கூடாது. பன்னிரண்டரைக்கு அவள் முதல் கவளம் எடுக்க வேண்டும். ஒன்றரைக்குச் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும், அது 140-க்குக் கீழே இருக்க வேண்டும். பரிசுகளை அதன் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.