கல்யாண வீட்டில் கை நடுங்குகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. பத்திரிகைகள் வரத் தொடங்கிவிட்ட வீடுகளில், அவற்றைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைகிற ஓர் ஆளாவது இருப்பார். அவருக்கு உறவினர்கள்மீது வெறுப்பு இல்லை, திமிரும் இல்லை. நாலு பேர் முன்னால் நிற்கும்போது தன்னிடம் ஏதோ ஒன்று தவறாகத் தெரிந்துவிடும், அதைப் பார்த்து மற்றவர்கள் தன்னை மட்டமாக நினைப்பார்கள் என்ற அச்சமே அவரைத் தடுக்கிறது. இதைச் சமூகப் பதற்றம் என்கிறோம். இதில் ஒரே ஒரு பகுதியைத்தான் இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்: பதற்றத்தை மறைப்பதற்காக நாம் செய்கிற காரியங்களே பதற்றத்தை வளர்க்கின்றன என்பதும், அவற்றை ஒவ்வொன்றாக விடுவது எப்படி என்பதும்.

மருத்துவ உளவியலாளராக நான் சந்தித்த பலருடைய அனுபவங்களைச் சேர்த்து ஒரு பெண்ணை உங்கள் முன் வைக்கிறேன். குடியாத்தத்தைச் சேர்ந்தவர், 27 வயது, ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் பெரியப்பா மகளின் கல்யாணம் சத்துவாச்சாரியில் ஒரு மண்டபத்தில் நடக்கவிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை. முகூர்த்தத்தைவிட முந்தின நாள் மாலை நடக்கும் வரவேற்புதான் அவருக்குப் பெரிய பயம். நம் பக்கத்தில் வரவேற்பு என்றால் வரிசையில் நின்று, விளக்கு வெளிச்சத்தில் மேடையேறி, கேமராவைப் பார்த்து, பிறகு முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் பந்தியில் உட்கார வேண்டும். கை நடுங்கும், காபி சிந்தும், எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அவருடைய கணிப்பு.

இதைத் தவிர்க்க அவர் இத்தனை ஆண்டுகளாகச் செய்து வந்ததைப் பாருங்கள். காபி டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். தசையை இறுக்கினால் நடுக்கம் கூடத்தான் செய்யும். சொல்வது தவறாகிவிடக் கூடாதே என்று தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசுவார், அதனால் எதிரே இருக்கிற அத்தை குனிந்து வந்து, "இன்னாம்மா சொன்ன? காதுல விழலையே" என்று உரக்கக் கேட்பார், பக்கத்தில் இருக்கிற நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கைப்பேசியைத் தலை குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அருகில் வருகிறவர்களுக்கு அது "என்னிடம் பேசாதீர்கள்" என்று பலகை மாட்டிய மாதிரி இருக்கும், அவர்களும் விலகிப் போவார்கள். பிறகு, யாரும் தன்னிடம் பேசவில்லை என்று வருந்துவார்.

இவற்றைப் பாதுகாப்புச் செயல்கள் என்கிறோம். 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இந்தப் பதற்றம் எப்படித் தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது என்பதை விளக்கினார்கள். அவர்களுடைய விளக்கத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, பதற்றப்படுகிறவரின் கவனம் முழுவதும் தன்மேலேயே திரும்பிவிடுகிறது. இதயத் துடிப்பு, வியர்வை, நடுக்கம் ஆகியவற்றை வைத்து, தான் வெளியே எப்படித் தெரிகிறேன் என்று மனத்தில் அவரே ஒரு படம் வரைந்துகொள்கிறார். அந்தப் படம் உண்மையைவிடப் பல மடங்கு மோசமானது. இரண்டு, ஒன்றும் விபரீதமாக நடக்காதபோதும் "டம்ளரை இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்" என்று நினைத்துக்கொள்கிறாரே தவிர, "ஆபத்தே இல்லை" என்று கற்றுக்கொள்வதில்லை. இருபது கல்யாணங்களுக்குப் போய் வந்தும் சிலருக்குப் பயம் குறையாததற்குக் காரணம் இதுதான். "போகப் போகப் பழகிடும்" என்று வீட்டில் சொல்வது பாதிதான் சரி.

அந்தப் பெண்ணிடம் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போடச் சொன்னோம். பயம் தரும் சூழல்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அரை மணி நேரம் போய் வருவது 30. உறவினர் வீட்டில் காபியை ஒரு கையால் பிடித்துக் குடிப்பது 45. பந்தியில் தெரியாதவர் அருகில் உட்கார்ந்து சாப்பிடுவது 60. மேடையேறிப் படம் எடுத்துக்கொள்வது 80. "உனக்கு எப்போ கல்யாணம்?" என்று பெரியவர்கள் கேட்பதை நின்று எதிர்கொள்வது 95.

ஒவ்வொன்றுக்கும் போவதற்கு முன்னால் ஒரு வரி எழுத வேண்டும்: என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்? அது சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "மோசமாக இருக்கும்" என்று எழுதினால் பயனில்லை. காபிக்கு அவர் எழுதியது இது: "கை நடுங்கும், சித்தி பார்த்து 'ஏன் நடுங்குது' என்று கேட்பார்." விதி ஒன்றே: டம்ளரை ஒரு கையால், தளர்வாகப் பிடிக்க வேண்டும், கண் டம்ளரில் இருக்கக் கூடாது, சித்தியின் முகத்திலும் பேச்சிலும் இருக்க வேண்டும். வந்து எழுதினார்: "கொஞ்சம் நடுங்கியது. சித்தி பார்க்கவே இல்லை. எதிர்வீட்டு மனைத் தகராறைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்." அடுத்த வாரம் இன்னும் துணிந்து, வேண்டுமென்றே காபியைச் சிறிது தட்டில் சிந்தினார். சித்தி ஒரு துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். சிந்தாமல் இருந்ததைவிடச் சிந்தியதால்தான் அவர் அதிகம் கற்றுக்கொண்டார் என்று சொல்வேன்.

கவனத்தை வெளியே திருப்புவது சொல்லிவிட்டால் வந்துவிடாது, பழக வேண்டும். பேருந்தில் உட்கார்ந்தபடி, முதலில் தன் உடலில் நடப்பதைச் சில நிமிடம் கவனிப்பது, பிறகு எதிரே இருப்பவரின் செருப்பு, நடத்துநரின் குரல், சன்னலோரக் கடைகளின் பெயர்கள் என்று வெளியே கவனிப்பது. எப்போது பதற்றம் கூடுகிறது என்று அவரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்.

வரவேற்பன்று அவர் பந்தலில் நுழைந்ததும், சந்தனமும் கற்கண்டும் வைத்திருந்த மேசையில் நின்று பன்னீர் தெளிக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். கூச்சமுள்ளவர்களுக்கு இது நல்ல தொடக்கம். கையில் வேலை இருக்கிறது, வருகிறவரிடம் "வாங்க" என்ற ஒரு சொல் போதும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. வேலையும் ஒளிந்துகொள்ளும் இடமாக மாறலாம். சிலர் கல்யாணம் முழுவதும் சமையற்கட்டிலும் பந்தியில் பரிமாறுவதிலுமே இருந்துவிட்டு, எல்லோராலும் பாராட்டப்பட்டு, ஒருவரிடமும் பேசாமல் வீடு திரும்புவார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? சாம்பார் வாளியை வேறொருவர் வாங்கிக்கொண்டால் உங்களுக்கு நிம்மதி வருகிறதா, திகில் வருகிறதா என்று பாருங்கள். திகில் வந்தால் அது பாதுகாப்புச் செயலாகிவிட்டது. நம்முடைய பெண் அரை மணி நேரத்தில் பன்னீர்ச் செம்பைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு நாற்காலிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார்.

அந்தக் கேள்வியும் வந்தது. பெரியவர் ஒருவர், "இன்னாம்மா, அடுத்து நீதானே?" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அம்மா பார்த்துட்டு இருக்காங்க தாத்தா. உங்க பேரன் இப்ப எந்த ஊர்ல இருக்கான்?" என்று திருப்பிக் கேட்டார். முகம் சிவந்ததை உணர்ந்தார். ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை. பெரியவர் பேரனைப் பற்றிப் பேசத் தொடங்கி நெடுநேரம் நிறுத்தவில்லை. ஒரே ஒரு பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போனால், மீண்டும் கவனம் உள்ளே திரும்பிவிடும்.

பிசகு பெரும்பாலும் கல்யாணம் முடிந்த பிறகுதான் நடக்கிறது. குடியாத்தம் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் மனம் அன்றைய மாலையை மீண்டும் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகக் குறை தேடத் தொடங்கும். இதில் நினைவுக்கு வருவது நடந்தது அல்ல. அந்த நேரத்தில் உணர்ந்தது. ஆகவே நோட்டில் கணித்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டு வரி எழுதிவிட்டு, அந்த விசாரணையை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். சில வாரம் கழித்துக் கல்யாண வீடியோ வரும்போது அது நல்ல சாட்சி. பார்ப்பதற்கு முன் "என் கை எவ்வளவு நடுங்கித் தெரியும்" என்று 0 முதல் 100 வரை எழுதி வைத்துவிட்டு, திரையில் தெரிபவரை அறிமுகமில்லாத ஒருவராக எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் 80 என்று எழுதியிருந்தார். பார்த்தபின் 10 என்று திருத்தினார். உள்ளே உணர்வதற்கும் வெளியே தெரிவதற்கும் உள்ள தூரத்தை நான் வாயால் விளக்கியதைவிட அந்த வீடியோ நன்றாக விளக்கியது.

எல்லோருக்கும் இந்த நோட்டுப் புத்தகம் போதாது. ஆறு மாதத்துக்கு மேலாக இந்த அச்சம் நீடித்து, நேர்முகத் தேர்வையோ, கல்லூரியையோ, பெண் பார்க்கும் நிகழ்ச்சியையோ கைவிடும் அளவுக்கு வந்துவிட்டால், அல்லது மண்டபத்துக்குள் நுழைய ஒரு குவார்ட்டர் தேவைப்படுகிறது என்ற நிலை வந்துவிட்டால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் மருந்து தருவார்கள். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். நடுக்கத்துக்கென்று மருந்துக் கடையில் தானாகவே மாத்திரை வாங்கிப் போடுவது கூடாது. அவற்றில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. கூட்டத்தில் மட்டுமல்லாமல் தனியாக இருக்கும்போதும் கை நடுங்கினால் தைராய்டு போன்ற காரணங்களையும் மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "அவளுக்குத் தலைவலி, அதான் வரல" என்று அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். அது அன்புதான் என்றாலும் அடுத்த கல்யாணத்தை இன்னும் கடினமாக்கும். கூட்டத்துக்கு நடுவில் "ஏன் இப்படி ஒதுங்கி உட்கார்ந்திருக்க, எல்லார்கிட்டயும் பேசு" என்றும் சொல்லாதீர்கள். புறப்படும் முன்பே, "ஒரு மணி நேரம் இருப்போம், பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம்" என்று இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் முடிவதற்குள் பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது அவர் கிளம்பத் துடித்தால், "இன்னும் பத்து நிமிடம் இருந்து பார்க்கலாமா?" என்று மெதுவாகக் கேளுங்கள். அதற்குமேல் வற்புறுத்த வேண்டாம். வணக்கம்.