நாளை காலை தர்மாமீட்டரைக் கையில் எடுக்கப் போகிற தம்பிக்கு

[காட்சி: இரவு பத்தரை மணி. கழுவித் துடைத்த ஹோட்டல் சமையலறை. ஸ்டீல் மேஜையில் ஒரு டம்ளர், ஐஸ், டிஜிட்டல் தர்மாமீட்டர்.]

குரல்: தம்பி, நாளைக்கு உணவுப் பாதுகாப்பு செய்முறைத் தேர்வு. சாயங்காலம் நீ வெங்காயம் நறுக்கும்போதே உன் கை நடுங்கியதைப் பார்த்தேன். சமையலில் உனக்குப் பயமில்லை. இந்தக் கருவிதான் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதனால் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

[காட்சி: டம்ளரில் நொறுக்கிய ஐஸைக் கொட்டும் கை.]

குரல்: கறியைத் தொடுவதற்கு முன்னால் தர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போடு. ஐஸுக்கு இடையில் இருக்கும் இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்று. தண்ணீர் அதிகமானால் ஐஸ் மேலே மிதக்கும், அடியில் இருக்கிற தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருக்காது. பலர் தடுமாறுவது இங்கேதான். நன்றாகக் கலக்கிவிட்டு, முனையை நடுவில் நிறுத்து. டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. எண் ஓடி நிற்கும் வரை பொறு. 0 டிகிரி காட்ட வேண்டும். ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

3 காட்டினால்? பதறாதே. "இது 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது, வேறு ஒன்று வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல். மனசுக்குள் மூன்றைக் கழித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்துவிடாதே. பக்கத்தில் நிற்பவருக்கு உன் மனக்கணக்கு தெரியாது.

[காட்சி: குழம்புச் சட்டியிலிருந்து கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்த கோழித் தொடை.]

குரல்: இப்போது கோழிக் குழம்பு. நீ இதுவரை நிறத்தைப் பார்த்துத்தான் வெந்ததா என்று சொல்லியிருப்பாய். நானும் பல வருஷம் அப்படித்தான். ஆனால் நம் குழம்பில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கறியின் நிறத்தை மூடிவிடும். இளங்கோழியில் எலும்பு மஜ்ஜையின் சாயம் இறங்கி, நன்றாக வெந்த கறியும் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருப்பதுண்டு. சால்மொனெல்லா கிருமி செத்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சட்டியில் இருப்பதிலேயே பெரிய துண்டை எடு. சின்னத் துண்டு வெந்திருப்பதைக் காட்டி ஒன்றையும் நிரூபிக்க முடியாது. முனையைச் சானிடைசர் துணியால் துடைத்துவிட்டு, சதை அதிகமாக இருக்கிற இடத்தில் நடு வரைக்கும் செலுத்து. எலும்பில் பட்டால் அந்த எண்ணை நம்பாதே, கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி பார். அசைவத்துக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லும் அளவுகளில் ஒன்று, உள்வெப்பம் 75 டிகிரியில் 15 வினாடி. நம் சமையலறையில் நாம் பின்பற்றுவதும் அதுதான்.

[காட்சி: திரையில் 68 என்ற எண்.]

குரல்: 68 வந்தது என்று வைத்துக்கொள்வோம். உனக்கு வயிறு கலங்கும், தெரியும். நான் முதல் தடவை இந்தத் தேர்வில் நின்றபோது எனக்கும் 68தான் வந்தது. குழம்பு தளதளவென்று கொதிக்கிறதே, கருவிதான் தப்பு என்று வாதாடினேன். தப்பு என்னுடையது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தடித்த தொடையை அப்படியே போட்டிருந்தேன். வெளியே குழம்பு கொதித்தது, உள்ளே கறி வேகவில்லை.

நீ என்ன செய்வாய்? அந்தத் துண்டைச் சட்டிக்குள் திருப்பிப் போடு. மூடி வை. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார். அதற்கிடையில் ஒரு வேலை இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். வேகாத கறிக்குள் போன முனையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சானிடைசரால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீயே அந்தக் கிருமியை வெந்த கறிக்குள் கொண்டுபோய் விடுவாய். அந்தத் துண்டு இருந்த தட்டையும் மாற்று. இரண்டாவது முறை 77 வந்தால், 15 வினாடி பார்த்துவிட்டு, நேரத்தோடு சேர்த்து ஏட்டில் எழுது. முதலில் வந்த 68-ஐயும் எழுது, மறைக்காதே. 68 வந்ததும் நீ சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாய் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

[காட்சி: கை கழுவும் தொட்டி.]

குரல்: கை கழுவுவது உனக்குப் பழக்கம்தான். பச்சைக் கறியைத் தொட்ட கையோடு தர்மாமீட்டரின் கைப்பிடியைப் பிடிக்காதே, அது போதும்.

[காட்சி: தர்மாமீட்டரை உறையில் போட்டு மேஜை ஓரத்தில் வைக்கும் கை.]

குரல்: பேட்டரி புதுசாகப் போட்டிருக்கிறேன். ஐஸ் ஃப்ரீசரின் மேல்தட்டில் இருக்கிறது. காலையில் ஏழரைக்கு வந்துவிடு. தேர்வாளர் வருவதற்குள் டம்ளரில் ஒரு தடவை நாம் இருவரும் சேர்ந்து பார்த்துவிடுவோம்.