புதிய போனில் பழைய பேக்அப்

நேயர்களுக்கு வணக்கம். புதிய ஐபோனில் பழைய போனின் பேக்அப்பை ஏற்றியவர்கள் அடிக்கடி சொல்வது இது: "படம் எல்லாம் வந்துவிட்டது, பாஸ்வேர்டுதான் ஒன்றுகூட வரவில்லை." அது ஏன் என்று இன்று பார்ப்போம்.

முதலில் பதிப்பு விஷயம். பழைய ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்அப்பைப் புதிய ஐஓஎஸ் ஏற்றுக்கொள்ளும். தலைகீழாக நடக்காது. புதிதாக வாங்கிய போன் பல மாதம் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கலாம். அதனால் உங்கள் பழைய போனைவிட அதில் பதிப்பு பின்தங்கியிருக்கக்கூடும். அப்போது புதிய போனை முதலில் அப்டேட் செய்துவிட்டுத்தான் பேக்அப்பை ஏற்ற முடியும்.

சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம். கணினியில் பேக்அப் எடுக்கும் திரையில் `Encrypt local backup` என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் எடுத்தால் சேமித்த பாஸ்வேர்டுகள், வைஃபை விவரங்கள், ஹெல்த் தரவு, அழைப்புப் பட்டியல் எதுவும் அந்த பேக்அப்பில் சேராது. பூட்டில்லாத கோப்பில் ரகசியங்களை வைக்கக் கூடாது என்பதுதான் காரணம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் டிக் செய்யாவிட்டால் எதெல்லாம் விடுபடும் என்று அந்தத் திரையிலேயே இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். டிக் செய்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும். அதை மறந்தால் அந்த பேக்அப்பைத் திறக்க வழியே இல்லை.

டிக் செய்து எடுத்தாலும் சில விஷயங்கள் வராது. முகப்பதிவு பேக்அப்பில் சேருவதே இல்லை, புதிதாகப் பதிய வேண்டும். ஆப்பிள் பேயில் வைத்திருந்த கார்டும் அப்படித்தான். இவை தவிர, ஒரு ஆப் தன் ரகசியச் சாவியை "இந்தக் கருவிக்கு மட்டும்" என்று குறித்து வைக்கலாம். அப்படிக் குறித்த சாவி வேறு போனில் திறக்காது. பல வங்கி ஆப்கள் புதிய போனில் மறுபடி பதிவு செய்யச் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதில் அதிகம் சிக்குவது, உள்நுழைவுக்கு ஆறு இலக்க எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப். ஐகான் இருக்கும், திறந்தால் பட்டியல் காலி. ஐகான் எப்படி வந்தது? பேக்அப்பில் ஆப் இருக்காது, அதன் தரவு மட்டுமே இருக்கும். ஆப்பைப் புதிய போன் ஆப் ஸ்டோரிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்கிறது. சாவி மட்டும் பழைய போனிலேயே தங்கிவிடும். பழைய போன் கையில் இருந்தால் அந்த ஆப்பிலேயே ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து புதிய போனைச் சேர்க்க வேண்டும். பழைய போனை அதற்குள் அழித்துவிட்டீர்கள் என்றால், அந்தக் கணக்கில் ஆறு இலக்க எண் முறையை இயக்கியபோது தந்த மீட்புக் குறியீடுகளைத் தேட வேண்டியதுதான்.

ஆகவே புதிய போனில் வங்கி, மின்னஞ்சல், ஆத்தென்டிகேட்டர் மூன்றையும் திறந்து, உள்ளே போய்ப் பார்த்த பிறகே பழைய போனை அழியுங்கள். நன்றி, வணக்கம்.