மாவு அரைக்கிற அம்மாவும் மாதம் ஆயிரம் ரூபாயும்

வணக்கம் நேயர்களே. பொருளாதாரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சுப் போட்டி வந்தாலும் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். போன மாதம் ஒரு பெண் வந்தாள், இளங்கலை இரண்டாம் ஆண்டு. அவள் கல்லூரியில் விவாதம். அனைவருக்கும் அடிப்படை வருமானம் கொடுக்க நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா, கொடுத்தால் மக்கள் வேலைக்குப் போவார்களா என்று தலைப்பு. ஏழை, பணக்காரன் என்று பார்க்காமல், எந்த நிபந்தனையும் வைக்காமல், மாதாமாதம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தொகை. அதுதான் அடிப்படை வருமானம். இவள் ஆதரவு அணி.

இரண்டு தாள் எழுதியிருந்தாள். முதல் தாளில் 'கட்டுப்படியாகும்', இரண்டாவதில் 'சோம்பேறி ஆகமாட்டார்கள்'. படித்துவிட்டு, இது இரண்டு தாள் இல்லையம்மா, ஒரே தாள்தான் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அதற்காகத்தான் எங்கள் தெரு மாவுக்காரம்மா கதையைச் சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

அந்த அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, கவரில் போட்டு விற்கிறார். மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வருகிறது. 2023இல் அந்தத் திட்டத்தை அறிவித்தபோது சில வரம்புகள் வைத்தார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், இப்படி. நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, அப்படியானால் ஒரு பில்லுக்கு 600 யூனிட். ஒருநாள் அட்டையைக் கொண்டுவந்து காட்டி, "சார், எனக்கு 540 வருது. இன்னொரு பெரிய கிரைண்டர் போட்டா எவ்வளவு ஏறும்?" என்று கேட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார், தினம் இரண்டு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், அறுபது நாளைக்குத் தொண்ணூறு. ஆக 630. கோட்டைத் தாண்டிவிட்டது! (வீட்டு மீட்டரில் தொழில் செய்யலாமா என்று மின்வாரியத்தில் இருக்கிற நேயர் யாராவது கேட்பீர்கள், அதை இன்றைக்கு விட்டுவிடுங்கள்.) பிறகு யாராவது வந்து மீட்டரைப் பார்ப்பார்களா மாட்டார்களா என்பது வேறு விஷயம். அவர் மனதில் அந்த 600 நின்றுவிட்டது. கிரைண்டர் போட்டால் மாவு விற்கலாம், விற்காமலும் போகலாம். போடாவிட்டால் வருஷத்துக்கு 12,000 நிச்சயம். கிரைண்டர் வாங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், அவரைத் தடுத்தது ஆயிரம் ரூபாயா? இல்லை, ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் போட்ட கோடு. சும்மா காசு கொடுத்தால் எவன் வேலைக்குப் போவான் என்று டீக்கடையில் பேசுகிறோமே, அங்கே இதை யாரும் பேசுவதில்லை. கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தால் வருகிறது போய்விடும் என்கிற நிலைதான் கையைக் கட்டுகிறது. எல்லாருக்கும் கொடுத்தால் கோடே கிடையாது, பத்து கிரைண்டர் போட்டாலும் ஆயிரம் அப்படியே வரும்.

அந்தப் பெண் துள்ளிவிட்டாள். "அப்போ எல்லாருக்கும் கொடுத்துடலாம் சார்!" சரி, கணக்குப் போடு என்றேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். குழந்தையிலிருந்து கிழவர் வரை தலைக்கு மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 86,520 கோடி ரூபாய். 2024-25 பட்ஜெட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் என்று மதிப்பிட்டது சுமார் 1.95 லட்சம் கோடி. பாதிக்குச் சற்றே குறைவு. அதே பட்ஜெட்டில் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. இப்போது தெரிகிறதா ஏன் கோடு போடுகிறார்கள் என்று? கோட்டை அழித்தால் செலவு ஏறுகிறது, செலவைக் குறைத்தால் கோடு வருகிறது. ஒரே தாள் என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் 86,000 கோடி என்பதைக் கேட்டு மயங்கியும் விழ வேண்டாம். எனக்கும் 12,000 வருகிறது, கூடவே என் வருமானத்தில் பத்து சதவீதம் புதிதாக வரி போடுகிறார்கள் என்று வையுங்கள். வருஷத்துக்கு 60,000 சம்பாதிக்கிறவர் 6,000 கட்டி 12,000 வாங்குகிறார், கையில் 6,000 மிச்சம். 1,20,000 சம்பாதிக்கிறவருக்கு வந்ததும் போனதும் சரிக்குச் சரி. அதற்கு மேலே இருக்கிறவர் வாங்குவதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறார். அப்போது நிஜச் செலவு அடியில் இருக்கிறவர்களுக்குப் போகிற மிச்சம் மட்டும்தான். வரியைப் பத்துக்குப் பதில் ஐம்பது சதவீதமாக்கினால் 24,000 சம்பாதிக்கிறவரிலேயே சரிக்குச் சரியாகிவிடும், அரசுக்கு ரொம்ப மலிவு. ஆனால் கூடுதலாகச் சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாயிலும் எட்டணா போய்விடும். மறுபடி மாவுக்காரம்மா கதைதான், செங்குத்துக்குப் பதில் சரிவு, அவ்வளவுதான்.

நம் நாட்டில் அந்தச் சரிவைக் கட்டுவதே கஷ்டம். 2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கு இந்தியா முழுக்க எட்டுக் கோடிச் சொச்சம் வருமான வரிக் கணக்குதான் தாக்கலானது, அதிலும் நிறையப் பேருக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்ஜியம். யாருக்கு எவ்வளவு வருமானம் என்பது அரசுக்குத் தெரியாது. தெரியாததால்தான் மீட்டரைப் பார்க்கிறது, நிலத்தைப் பார்க்கிறது, வாசலில் கார் நிற்கிறதா என்று பார்க்கிறது.

சரி, காசு கொடுத்த இடத்தில் என்ன ஆனது? மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் மாவட்டத்தில் 2011இலிருந்து சேவா என்கிற பெண் தொழிலாளர் சங்கம் யுனிசெஃப் உதவியோடு எட்டுக் கிராமங்களில் செய்துபார்த்தது. பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100, ஒரு வருஷம் கழித்து 300, 150. உழைப்பு குறையவில்லை. கூலிக்குப் போனவர்கள் சொந்த நிலத்தில் கூடுதலாக வேலை செய்தார்கள், விதை வாங்கினார்கள், ஆடு மாடு வாங்கினார்கள். கையில் முதல் இல்லாதவனுக்குக் கொஞ்சம் காசு கிடைத்தால் வேலைதான் பிறக்கிறது. இன்னொன்றையும் எழுதிக்கொள் என்றேன், எதிரணி கேட்கும். அமெரிக்காவில் டெக்சாஸ், இலினாய் மாநிலங்களில் மாதம் ஆயிரம் டாலர் என்று மூன்று வருஷம் கொடுத்த ஆய்வு 2024இல் வெளியானது. அங்கே வேலை நேரம் வாரத்துக்குச் சராசரியாக 1.3 மணி குறைந்தது. மறைக்காதே, நீயே முதலில் சொல்லிவிடு.

அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த முக்கியமான வாக்கியம் இதுதான், அது அவளுக்கே பாதகமாக இருந்தாலும். இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் பணம் வெளியிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டுக்காரரிடம் வரி வாங்கிக் கொடுத்ததல்ல. வாங்குகிறவர் உழைப்பாரா என்று பார்த்தார்கள், கட்டுகிறவர் உழைப்பாரா என்று பார்க்கவில்லை. ஆக, பாதிச் சோதனைதான் நடந்திருக்கிறது. கட்டுப்படியாகுமா என்கிற பாதியை எந்தக் கிராமத்திலும் யாரும் சோதித்ததில்லை.

இதைச் சொன்னால் தோற்றுவிடுவேனே சார் என்றாள். சொல்லிவிட்டுத் தோற்றுப்போ என்றேன். சொன்னாள், மூன்றாம் பரிசு வாங்கினாள்.

விலைவாசியைப் பற்றியும், ரேஷனை நிறுத்திவிட்டுக் காசு கொடுக்கலாமா என்பதைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிஷம். 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையில் மத்திய அரசே ஒரு கணக்குப் போட்டது. தலைக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், மேலே இருக்கிற 25 சதவீதம் பேரை விட்டுவிட்டால் நாட்டு உற்பத்தியில் 4.9 சதவீதம் செலவாகும் என்றது. அந்த 25 சதவீதம் பேரை எந்த மீட்டரைப் பார்த்துப் பிரிப்பது? மாவுக்காரம்மா இன்னும் பழைய கிரைண்டரிலேயேதான் அரைக்கிறார். வணக்கம்.