ஆர்டர் போடும் முன் ஐந்து கட்டங்கள்

[திரை: 15 நிமிட சார்ட். கடிகாரம் 9:52.]

நேரம் காலை 9:52. நீங்கள் பார்த்து வைத்திருந்த ஒரு பங்கு, நேற்றைய உச்சமான 842 ரூபாயைத் தாண்டிவிட்டது. 9:45க்கு முடிந்த கேண்டில் 844.50ல் நின்றது. அந்த நேரம் பார்த்து நீங்கள் டீ எடுக்கப் போயிருந்தீர்கள். திரும்பி வந்தால் விலை 851. கை தானாக மவுஸுக்குப் போகிறது.

இந்த வீடியோ அந்தக் கைக்கும் மவுஸுக்கும் நடுவில் வைக்கிற ஒரு தாளைப் பற்றியது. எல்லாவற்றையும் கணினியே முடிவு செய்கிற ஆல்கோ டிரேடருக்கு இது தேவையில்லை. விதிகள் வைத்திருந்தும், கடைசி முடிவைச் சார்ட்டைப் பார்த்துத் தானே எடுப்பவர்களுக்கு இது. அந்த ‘தானே’ என்கிற இடத்தில்தான் ஓட்டை விழுகிறது.

[திரை: கையால் எழுதிய ஒரு செக்லிஸ்ட். “டிரெண்ட் நன்றாக இருக்கிறதா?”, “மனம் அமைதியாக இருக்கிறதா?”, “ரிஸ்க் சரியா?”]

இது நான் முதலில் எழுதிய செக்லிஸ்ட். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு டிரேடைக்கூடத் தடுத்ததில்லை. 851ல் வாங்கத் துடிக்கிறவனிடம் ‘டிரெண்ட் நன்றாக இருக்கிறதா’ என்று கேட்டால் என்ன சொல்வான்? பிரமாதம் என்பான். மூன்று டிக்கும் நான்கு வினாடியில் விழுந்துவிடும்.

அதனால் இரண்டு மாற்றங்கள் செய்தேன். ஒன்று, பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் அதே சார்ட்டைப் பார்த்து அதே பதிலைச் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டு, முடிந்த இடத்தில் எல்லாம் டிக்குக்குப் பதிலாக எண் எழுதும் கட்டம் போட்டேன். டிக்கை யோசிக்காமல் போடலாம். எண்ணை எழுத சார்ட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

[திரை: புதிய தாள். ஐந்து கட்டங்கள், கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு கட்டம்.]

முதல் கட்டம்: 15 நிமிட கேண்டில் நேற்றைய உச்சத்துக்கு மேல் முடிந்துவிட்டதா? ‘முடியப் போகிறது’ என்றால் இல்லை என்றுதான் அர்த்தம். நம் பங்கில் முடிந்துவிட்டது. டிக்.

இரண்டாவது கட்டம்தான் இந்தத் தாளின் உயிர். ஸ்டாப் லாஸ் எங்கே? என் விதிப்படி, உச்சத்தை உடைத்த கேண்டிலின் அடிக்குச் சற்றுக் கீழே. அடி 837.50, எனவே ஸ்டாப் 837. இதைப் பேனாவால் எழுதுகிறோம். இப்போது என்ன விலை ஓடுகிறது என்று தாள் இன்னும் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது கட்டம் டார்கெட். போன வாரம் இரண்டு முறை திரும்பிய இடம் 861. அதையும் எழுதுகிறோம். நான் இழக்கத் தயாராக இருக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் குறைந்தது ஒன்றரை ரூபாய் கிடைக்க வாய்ப்பிருக்க வேண்டும் என்பது என் விதி. ஸ்டாப் 837, டார்கெட் 861 என்றால் இடைவெளி 24 ரூபாய். ஒன்றுக்கு ஒன்றரை என்றால் இரண்டுக்கு மூன்று. அதனால் அந்த 24ஐ ஐந்து சம பாகமாக்கி, கீழிருந்து இரண்டு பாகம் ஏறினால் 9.60. ஆக, நான் கொடுக்கலாம் என்கிற அதிகபட்ச விலை 846.60. இந்த எண்ணும் தாளில் ஏறிவிட்டது.

இப்போது திரையைப் பாருங்கள். விலை 851.

[திரை: 837, 851, 861 மூன்றும் கோடுகளாக.]

இந்த விலையில் வாங்கினால் ரிஸ்க் 14 ரூபாய், லாபத்துக்கு இருக்கும் இடம் 10 ரூபாய். தாள் வேண்டாம் என்கிறது. இந்த இடத்தில் ஒரு தந்திரம் நடக்கும். நானே பலமுறை செய்திருக்கிறேன். “சரி, ஸ்டாப்பை 846க்கு ஏற்றிவிடலாமே?” ரிஸ்க் 5, லாபம் 10, கணக்கு அழகாக வந்துவிட்டது! ஆனால் 846ல் சார்ட்டில் எதுவுமே இல்லை. விலை கொஞ்சம் மூச்சு விட்டாலும் ஸ்டாப் அடித்துவிடும். வாங்க ஆசைப்பட்ட விலைக்கு ஏற்ப ஸ்டாப்பை வெட்டித் தைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஸ்டாப்பை முதலில், அதுவும் பேனாவால் எழுதச் சொல்வது இதற்காகத்தான். 837ஐ அடித்துவிட்டு 846 என்று எழுதினால், அந்த அடித்தல் சனிக்கிழமை வரை தாளில் இருக்கும்.

நான்காவது கட்டம் எத்தனை பங்குகள் என்பது. விலை 845க்கு இறங்கி வந்தால் என்ன எழுதுவோம் என்று பார்ப்போம். மூலதனம் 5 லட்சம், ஒரு டிரேடில் இழக்கக்கூடியது அதில் அரை சதவீதம், அதாவது 2,500 ரூபாய். ஸ்டாப்புக்குத் தூரம் 8 ரூபாய். வகுத்தால் 312 பங்குகள். ‘வழக்கமாக 500 வாங்குவேன்’ என்பதற்கு இங்கே இடமில்லை. ஆர்டர் 845க்கு லிமிட் ஆர்டர்தான், மார்க்கெட் ஆர்டர் இல்லை. செய்தி வந்து விலை ஒரேயடியாகக் கீழே குதித்தால் 2,500க்கு மேலும் போகும். அதைத் தடுக்க எந்தத் தாளாலும் முடியாது.

ஐந்தாவது: கடைசி டிரேட் எத்தனை மணிக்கு முடிந்தது, லாபமா நஷ்டமா? நஷ்டம் என்றால் 30 நிமிடம் கழித்துத்தான் அடுத்தது. ‘கோபமாக இருக்கிறாயா’ என்று கேட்டால் பொய் சொல்வேன். கடிகாரம் சொல்லாது.

[திரை: கோட்டுக்குக் கீழே உள்ள கட்டம் பெரிதாகிறது: “வேண்டாம்”.]

உங்கள் அனுபவம், உள்ளுணர்வு எல்லாவற்றுக்கும் இடம் கோட்டுக்குக் கீழே. ஐந்தும் சரியாக இருந்தும், வால்யூம் செத்துக் கிடக்கிறது, ஏதோ உதைக்கிறது என்று தோன்றினால் ‘வேண்டாம்’ என்று டிக் செய்து விட்டுவிடலாம். காரணம்கூடத் தேவையில்லை. ஆனால் மேலே ஒரு கட்டம் தேறாவிட்டால், ‘இருந்தாலும் வாங்கு’ என்று சொல்ல இந்தத் தாளில் கட்டமே கிடையாது.

அன்று அந்தப் பங்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 845க்குத் திரும்பி வரவே இல்லை. நேராக 861க்குப் போனது. எரிச்சலாகத்தான் இருக்கும். நிராகரித்த டிரேடையும் அதே தாளில் எழுதி வையுங்கள்: 14 ரூபாய் ரிஸ்குக்கு 10 ரூபாய் லாபம், அதாவது கூட்டல் 0.7. ஸ்டாப் அடித்திருந்தால் கழித்தல் 1. இப்படி முப்பது, நாற்பது சேர்ந்த பிறகு கூட்டிப் பாருங்கள். தொடர்ந்து நல்ல லாபம் காட்டினால், அந்த ஒன்றரை மடங்கு விதி அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கலாம். மாற்றுங்கள். ஆனால் சந்தை மூடியிருக்கும் நாளில் மாற்றுங்கள், 9:52க்கு அல்ல.

வேகமாக ஓடும் டிரேடில் இத்தனையும் எழுத நேரம் இருக்காதே என்பது நியாயமான கேள்வி. நேற்றைய உச்சமும் டார்கெட்டும் முந்தைய இரவே எழுதக்கூடியவை. காலையில் மிச்சம் இருப்பது ஸ்டாப், அதிகபட்ச விலை, எண்ணிக்கை. ஒரு நிமிட வேலை. ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காத ஸ்கால்ப்பிங் செய்பவருக்கு இந்தத் தாள் பொருந்தாது.

கடைசியாக, தாளின் மூலையில் நேரம் எழுத ஒரு இடம் விடுங்கள். வார இறுதியில் புரோக்கர் தரும் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, ஆர்டர் நேரத்தையும் தாளின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் முதல் மாதத்தில் பதினொரு தாள்களில் நான்கு, ஆர்டருக்குப் பிறகு நிரப்பியவை. ஐந்து கட்டமும் ஒழுங்காக, அழகான கையெழுத்தில்.