திரையப் போட்டோ எடுத்தா வர்ற வரி: எழுத்தத் தொடுறதுக்கு முன்னாடி இதப் பாத்துருங்க

வணக்கம் மக்களே. சிம்மக்கல் கடையில இருந்துதான் பேசுறேன். பின்னாடி லேமினேஷன் மிஷின் ஓடிட்டு இருக்கு, அந்தச் சத்தத்த கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன வாரம் ஒரு வேலை வந்துச்சு. சோழவந்தான் பக்கம் ஒரு அரிசி மில்லு. அங்க கலர் சார்ட்டர் மிஷின் இருக்கு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அரிசி மேல இருந்து விழுகும்போது கேமரா பாத்து, கறுப்பு அரிசி பழுப்பு அரிசியக் காத்தால அடிச்சுத் தள்ளிரும். அந்த மிஷின் திரையில எல்லாமே இங்கிலீசு. மில்லுக்கார அண்ணே, "தாயி, இந்தத் திரையவே படம் புடிச்சு, இங்கிலீசு இருக்குற எடத்துல தமிழப் போட்டு, ஒரு அட்டையாப் பண்ணிக் குடுத்துரு. நைட் சிப்ட் பயலுக பாத்து அமுக்கட்டும்"னாரு. அந்த மிஷின்ல ஸ்கிரீன்சாட் எடுக்க வழியே கிடையாது. போட்டோதான்.

அவரு முதல்ல வாட்சப்புல ஒரு படம் அனுப்புனாரு. திறந்து பாத்தா, திரை பூராம் பச்சையும் ரோசும் கலந்து அலை அலையா வரி. நானும் அவசரப்பட்டு, வரிய அப்புறம் பாத்துக்கலாம்னு முதல்ல எழுத்த அழிக்க ஆரம்பிச்சேன். `SENSITIVITY`ங்கற எழுத்து மேல க்ளோன் பிரஸ்ஸ வச்சுத் தேய்ச்சா, பக்கத்துல இருந்து எடுத்த துண்டுல ரோசு வரி, ஒட்டுற எடத்துல பச்சை வரி. கிழிஞ்ச சேலைக்கு வேற சேலைத் துண்டு வச்சுத் தைச்ச மாதிரி தெரியுது. சரி, ஒரே கலரா நிரப்புவோம்னு நிரப்புனா, சுத்தி வரி இருக்கு, நடுவுல மட்டும் வழவழன்னு ஒரு கட்டம். அதுக்கப்புறம் வரிய எடுத்தாலும் அந்தக் கட்டம் போகாது, ஏன்னா வரி அங்க பாதியில அறுந்துருச்சு. அதனாலதான் சொல்றேன், வரிதான் முதல்ல. எழுத்து அப்புறம்.

இதுக்கு மொய்ரேனு பேரு. மொய் எழுதுற மொய்க்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அலை அலையா மின்னுற ஒரு பட்டுத் துணியோட பிரெஞ்சுப் பேரு. மில்லுலயே இதப் பாக்கலாம். ரெண்டு சல்லடைய ஒண்ணு மேல ஒண்ணா வச்சு வெளிச்சத்துல புடிச்சா, எந்தச் சல்லடையிலயும் இல்லாத பெரிய பெரிய வட்டமும் வரியும் தெரியும்ல? அதேதான். திரை ஒரு சல்லடை, புள்ளி புள்ளியா. போன் கேமராவோட சென்சார் இன்னொரு சல்லடை. கலர் எங்கிருந்து வருதுன்னா, சென்சார்ல ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலரத்தான் பாக்கும். ஒரு வரிசைய எடுத்துக்கிட்டா சிவப்பு ஒண்ணு விட்டு ஒண்ணு, நீலமும் அப்படித்தான். பச்சை மட்டும் நெருக்கமா இருக்கும். அதனால சிவப்பும் நீலமும்தான் முதல்ல ஏமாறும். நமக்கு ரோசும் பச்சையுமாத் தெரியும்.

சரியாக் கவனிங்க, இந்த வீடியோ பூராம் இது ஒண்ணுதான். வரியோட அகலம் நம்ம கையில இருக்கு. அண்ணே அனுப்புன படத்துக்கே வருவோம். மிஷின் திரை குறுக்க 1024 புள்ளி. போன் படம் குறுக்க 4000 புள்ளி. அவரு தள்ளி நின்னு எடுத்ததுல திரை சுமாரா 2100 புள்ளிதான் புடிச்சிருந்துச்சு. அப்ப திரையோட ஒரு புள்ளிக்கு படத்துல 2.05 புள்ளி. சிவப்புப் புள்ளி வர்றது 2 புள்ளிக்கு ஒண்ணு. 2.05-ம் 2-ம் கிட்டத்தட்ட ஒண்ணு. ரெண்டு சல்லடை ஓட்டையும் ஏறக்குறைய ஒரே அளவா இருந்தா வரி பெருசா விழுகும்ல, அதான் ஆச்சு. கணக்கு சின்னதுதான்:

```
வரி அகலம் = 1 / |1/p − 1/2|
p = 2.05  →  82 புள்ளி
p = 3.5   →  4.7 புள்ளி
```

p-ங்கறது திரைப் புள்ளி ஒண்ணு படத்துல புடிக்கிற அளவு. அவரு படத்துல எழுத்தோட கோடு 4 புள்ளி தடிமன், வரி 82 புள்ளி அகலம். வரி ஒரு எழுத்தையே முழுங்கி உக்காந்திருக்கு. இத மங்கலாக்கி எடுக்கணும்னா எழுத்தும் பட்டன் கலரும் சேந்து போயிரும். அதே திரையக் கிட்டப் போயி, 3600 புள்ளி நிறையுற மாதிரி எடுத்தா p 3.5. எழுத்துக் கோடு 7 புள்ளி ஆகிருது, வரி 5 புள்ளிக்குள்ள சுருங்கிருது. இப்ப வரி எழுத்தவிடச் சின்னது. சின்னத அழிக்கலாம்.

இது தோராயக் கணக்குதான். ஐம்பது மெகாபிக்சல்னு போட்ட போன்ல சென்சார் அமைப்பு வேற மாதிரி, அப்ப எண்ணு மாறும். கணக்கே வேணாம்னா ஒண்ணு பண்ணுங்க. செல்போனத் திரைக்கு நேரா வச்சு மெதுவா முன்னாடி பின்னாடி நகத்துங்க. வரி பெருசாகும், சிறுசாகும். பொடிப்பொடியா ஆகி மறையப் போற எடத்துல நிறுத்துங்க. மறக்காம, எடுத்த படத்த 100% அளவுல பாருங்க. சின்னதாக்கிப் பாக்கும்போது உங்க மானிட்டரே ஒரு பொய் வரிய உண்டாக்கும். ஜூம மாத்துனா வரி மாறுதா? அப்ப அது படத்துல இல்ல, உங்க கண்ணு முன்னாடி மட்டும்தான் இருக்கு.

இன்னொரு ஏமாத்து வரி இருக்கு. கறுப்பா, தடியா, குறுக்க ஓடும். செல்போன அசையாம வச்சிருக்கும்போதே அது நகந்தா அது மொய்ரே இல்ல, திரைக்குப் பின்னாடி இருக்குற லைட்டு விட்டு விட்டு எரியுது. ஷட்டர 1/50, இல்ல இன்னும் மெதுவா வச்சா அனேகமாப் போயிரும். கை அசைஞ்சா ஆடுறது மொய்ரே, கை சும்மா இருந்தாலும் ஆடுறது லைட்டு. அவ்வளவுதான்.

வாட்சப்புல வந்த படத்த வச்சு ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சு போச்சு. அது படத்த வேற சுருக்கி அனுப்பும், சுருக்குறப்ப இருக்குற வரி மேல இன்னொரு வரி விழுகும். டாக்குமெண்டா அனுப்பச் சொல்லிருக்கலாம், ஆனா படமே தூரத்துல எடுத்தது. பஸ்ஸப் புடிச்சு நேராவே போயிட்டேன். மில்லுல தவிட்டுத் தூசி, திரைய முதல்ல மெதுவாத் துடைச்சேன். துடைக்காம எடுத்தா தூசிப் புள்ளி எல்லாம் கமா மாதிரி, முற்றுப்புள்ளி மாதிரி தெரியும்.

அங்க ஒரு படம் எடுக்கல, ஏழு எடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு விரக்கடை முன்ன பின்ன நகந்து எடுத்தேன். ஏன்னா படத்த ஒண்ணு மேல ஒண்ணாப் பொருத்துனா எழுத்து ஏழுலயும் ஒரே எடத்துல இருக்கும், வரி மட்டும் ஒவ்வொண்ணுலயும் வேற எடத்துல விழுகும். ஏழையும் அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்ப எடுத்தா, வரி பெரும்பாலும் தோத்துப் போயிரும். அடுக்குறதுக்கு ஹியூஜின்ங்கற சாப்ட்வேரோட வர்ற ஒரு கமாண்டு, நடு மதிப்புக்கு இமேஜ்மேஜிக்ங்கற சாப்ட்வேர்:

```
align_image_stack -m -a a_ p1.jpg p2.jpg p3.jpg p4.jpg p5.jpg p6.jpg p7.jpg
magick a_*.tif -evaluate-sequence median out.png
```

அந்த `-m` முக்கியம். முன்ன பின்ன நகந்ததுல படத்தோட அளவு மாறிருக்கும்ல, அதச் சரிபண்றது அதுதான். எனக்கு முதல் தடவ எழுத்தெல்லாம் ரெட்டை ரெட்டையாத் தெரிஞ்சுச்சு. பாத்தா, ஒரு படத்துல வரி ரொம்பப் பலமா இருந்ததால, கமாண்டு எழுத்தப் புடிக்காம வரியப் புடிச்சு அடுக்கிருக்கு. அந்த ஒண்ணத் தூக்கிட்டு ஆறு படத்துல பண்ணேன், சரியாச்சு. ரெட்டை எழுத்து வந்தா மேல வேலை செய்யாதீங்க, எந்தப் படம் கெடுக்குதுன்னு பாருங்க.

இதுக்கப்புறமும் சாம்பல் கலர் எடத்துல லேசா ரோசு சாயம் இருந்துச்சு. அத கிம்ப்புல எடுத்தேன். லேயர டூப்ளிகேட் பண்ணி, மேல இருக்குறதுக்கு `Gaussian Blur` 8 புள்ளி, அப்புறம் லேயர் மோட `LCh Color`. அப்ப மேல் லேயர்ல இருந்து கலர் மட்டும்தான் வரும், வெளிச்சம் இருட்டு கீழ் லேயர்லயே கூர்மையா நிக்கும். எழுத்து மங்காது, சாயம் மட்டும் கரைஞ்சுரும். இதுல ஒரு தொந்தரவு. அந்தத் திரையில சிவப்பா ஒரு ஸ்டாப் பட்டன். மங்கலாக்குனதுல அதோட சிவப்பு சுத்தியும் கசிஞ்சு ஒரு வளையம் மாதிரி ஆயிருச்சு. மேல் லேயருக்கு மாஸ்க் போட்டு, பட்டன் ஓரத்த மட்டும் கறுப்பால தேய்ச்சு விட்டேன். வளையம் போச்சு.

இப்பதான் எழுத்து. `SENSITIVITY` எடத்துல பட்டனோட பின்புலத்த நிரப்புனேன். வரி இல்லாததால ஒட்டு தெரியவே இல்ல. "உணர்திறன்"னு எழுதி, அப்படியே விட்டா கத்தி மாதிரி கூர்மையா, தனியாத் துருத்திக்கிட்டு நிக்கும். பக்கத்துல இருக்குற பழைய எழுத்து ஓரத்தப் பாத்து, ஒரு புள்ளி அளவுக்கு மங்கலாக்குனா சேந்துரும்.

திரையில இருக்குற நம்பர் எதையும் நான் தொடல. ஒரு எடத்துல 3-ஆ 8-ஆன்னு எனக்கே குழப்பம். வரி முழுங்கிட்ட எடத்துல என்ன இருந்துச்சுன்னு எந்த ப்ளரும் திருப்பித் தராது, நம்ம ஊகிச்சு வரைஞ்சா மிஷின் அரிசிய அள்ளித் தள்ளிரும். ஆறு படத்தையும் தனித்தனியாத் திறந்து பாத்தேன். நாலுல தெளிவா 8. அப்புறமும் அண்ணனுக்குப் போன் போட்டு, திரையில பாத்துச் சொல்லச் சொன்னேன். எட்டுதான்.

அட்டைய லேமினேட் பண்ணிக் குடுத்தாச்சு. `FEEDER` எடத்துல "ஊட்டி"னு போட்டிருந்தேன். அங்க வேலை பாக்குற அக்கா பாத்துட்டு, "ஊட்டியா? கொடைக்கானல் எங்கம்மா?"ங்கறாங்க. மில்லுல எல்லாரும் ஃபீடர்னுதான் சொல்றாங்களாம். வந்து "ஃபீடர்"னு மாத்தி இன்னொரு அட்டை போட்டேன். பின்னாடி மிஷின்ல ஓடிட்டு இருக்குறது அதுதான்.